நூற்றுக்கும் நூற்றிருபத்திரண்டுக்கும் நடுவே

எங்கள் பொருளியல் வகுப்பில் "இடைத்தரகர்" என்ற சொல் வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். என் வாப்பா நெல் வியாபாரி. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வயல்களில் நெல்லை வாங்கி, காயவைத்து, பொலன்னறுவையில் உள்ள அரிசி ஆலைக்கு லொறியில் ஏற்றி அனுப்புவதுதான் அவரது தொழில். கமக்காரரிடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய நெல்லை நூற்றிருபத்திரண்டு ரூபாய்க்கு விற்பவர். அந்த இருபத்திரண்டு ரூபாயில்தான் நான் படிக்கிறேன். ஆகவே அது எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் பாடப்புத்தகக் கேள்வி மட்டுமல்ல.

2025 பெப்ரவரியில் காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, விடுமுறை நாளொன்றில் வாப்பாவுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதற்காக முரசுமோட்டைக்குப் போயிருந்தேன். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் உள்ள ஊர் அது. இரணைமடுக் குளத்து நீரில் விளையும் வயல்கள் வீதியின் இரு பக்கமும் இருக்கின்றன. அங்கே ஒரு கமக்காரர் மூன்று ஏக்கர் செய்திருந்தார். முந்திய நவம்பர் வெள்ளத்தில் ஒரு பகுதி அழிந்தும், வெட்டு மெசினிலிருந்து இறங்கிய நெல் ஐயாயிரம் கிலோ இருந்தது. அவருக்கும் வாப்பாவுக்கும் நடந்த பேச்சைத்தான் என் கொப்பியில் இருந்தபடி இங்கே தருகிறேன்.

கமக்காரர்தான் ஆரம்பித்தார்.

"நானா, அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு 120 ரூபாய் எண்டு அறிவிச்சாச்சு. நீங்கள் நூறு எண்டு நிக்கிறியள். கடையில அரிசி 230. நான் நாலு மாதம் சேத்துக்குள்ள நிண்டதுக்கு நூறு. நீங்கள் லொறியோட வந்து ஒரு நாள் நிண்டதுக்கு இருபதோ?"

வாப்பா பதில் சொல்லவில்லை. குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி நெல்லை எடுத்தார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். காய்ந்த மணி "டக்" என்று உடையும். ஈரமான மணி நசியும். இது நசிந்தது. பிறகு பையிலிருந்த ஈரப்பதன் மானியில் நெல்லைப் போட்டு, அது காட்டிய எண்ணைக் கமக்காரரிடமே நீட்டினார். 20 என்று காட்டியது.

"அண்ணை, அந்த 120 எந்த நெல்லுக்கு? நூற்றுக்குப் பதினாலு பங்குக்கு மேல ஈரம் இல்லாத நெல்லுக்கு. இது இருபது. இதில இருக்கிற தண்ணியையும் நான் நெல்லு எண்டுதான் நிறுக்கிறன்."

"ஆறு வீதம்தானே வித்தியாசம்?"

"ஆறு இல்லை, ஏழு. பிள்ளை, கணக்குப் பார்த்துச் சொல்லு."

நான் பார்த்தேன். நூறு கிலோ நெல்லில் இருபது கிலோ தண்ணீர்; மிச்சம் எண்பது கிலோ. காயும்போது தண்ணீர் குறையுமே தவிர அந்த எண்பது குறையாது. காய்ந்த பின்னர் அந்த எண்பது கிலோ, மொத்தத்தில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்காக இருக்க வேண்டும். எண்பதை எண்பத்தாறால் பிரித்து நூறால் பெருக்கினால் 93 கிலோ வருகிறது. ஆகவே நூறு கிலோ ஈர நெல் காய்ந்தால் 93 கிலோ. ஏழு கிலோ வெயிலில் போய்விடும்.

"அப்ப, என்ர ஒரு கிலோவுக்கு அரசாங்க விலையே 120 இல்லை" என்றார் கமக்காரர் மெல்ல.

"112க்குக் கொஞ்சம் குறைய" என்றார் வாப்பா.

இங்கேயே இருபது ரூபாய் பன்னிரண்டாகச் சுருங்கிவிட்டது. ஆனால் கமக்காரர் விடவில்லை.

"சரி. நான் காயவைச்சு நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொண்டுபோறன். அப்ப?"

"கொண்டுபோங்கோ. நான் பொய் சொல்லமாட்டன், அது உங்களுக்கு லாபம்தான். ஐயாயிரம் கிலோ காய்ஞ்சால் 4,650. 120படி ஐந்து இலட்சத்து ஐம்பத்தெட்டாயிரம். நான் தாறது ஐந்து இலட்சம். காயவைக்கிற கூலி, சாக்கு, உழவு இயந்திர வாடகை, ஏத்தி இறக்கிற கூலி எல்லாம் இருபத்தேழாயிரம் எண்டு வையுங்கோ. அப்பவும் முப்பத்தோராயிரம் கூட."

தன் வாயாலேயே வாப்பா இப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கமக்காரருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு அவரே தன் பக்கத்துக் கணக்கைச் சொன்னார். காயவைக்க அவரிடம் தளம் இல்லை. வீதியோரத்தில் படங்கு விரித்துப் பரப்பினால் இரண்டு நாள் வெயில் வேண்டும், வானம் மூடியிருந்தது. வெட்டு மெசின்காரனுக்கு அன்று மாலையே காசு கொடுக்க வேண்டும். களஞ்சியத்தில் எப்போது எடுப்பார்கள், தன் முறை எந்த நாளில் வரும் என்பது தெரியாது. இருபது வீத ஈரத்தில் குவித்து வைத்த நெல்லோ காத்திருக்காது. இரண்டு மூன்று நாளில் குவியலின் நடுப்பகுதி சூடேறும். கையை விட்டால் வெக்கை தெரியும், புளித்த மணம் வரும். அந்த நெல்லை அரிசியாக்கினால் மஞ்சள் நிறம் விழும். பிறகு அதை யாரும் முழு விலைக்கு எடுக்கமாட்டார்கள்.

"இந்த முப்பத்தோராயிரம் தளமும் கொட்டிலும் கையில காசும் இருக்கிறவனுக்கு, நானா. எனக்கில்லை" என்றார் அவர்.

அவர் சொன்னதை நான் இப்படி விளங்கிக்கொண்டேன். வாப்பா வாங்குவது நெல்லை மட்டுமல்ல. மழை வருமா என்ற பயத்தையும், காத்திருக்கும் நாட்களையும் சேர்த்து வாங்குகிறார். தளம் உள்ள பக்கத்து வயல்காரருக்கு இந்தச் சேவை தேவையில்லை. அவர் வாப்பாவுக்கு விற்பதும் இல்லை. ஒரே வியாபாரி, ஒரே விலை. ஆனால் ஒருவருக்கு அது உதவி, மற்றவருக்கு வீண் செலவு.

"சரி, உங்கட கணக்கைச் சொல்லுங்கோ. உங்களுக்கு எவ்வளவு மிஞ்சும்?" என்று கமக்காரர் கேட்டார்.

வாப்பா என் கொப்பியை வாங்கி அவர் முன் விரித்தார். அது முந்திய வாரத்து லொறியின் கணக்கு. பத்தாயிரம் கிலோ ஈர நெல், நூறு ரூபாய்படி பத்து இலட்சம். காய்ந்து 9,300 கிலோ. ஆலையில் 122 ரூபாய்படி பதினொரு இலட்சத்து முப்பத்து நாலாயிரத்து அறுநூறு. காயவைத்த கூலி இருபத்து நாலாயிரம், சாக்கு பத்தாயிரம், ஏற்றி இறக்கிய கூலி இருபத்தையாயிரம், பொலன்னறுவைக்கு லொறி ஐம்பதாயிரம். மிச்சம் இருபத்தையாயிரத்து அறுநூறு.

அதை ஒரு கிலோவுக்குப் பிரித்துப் பார்த்தால் அந்த இருபத்திரண்டு ரூபாயின் உள்ளே இருப்பது தெரிகிறது. ஏறக்குறைய எட்டரை ரூபாய் தண்ணீராகப் போகிறது. பதினொரு ரூபாய்க்குச் சற்றுக் குறைய கூலியாகவும் சாக்காகவும் டீசலாகவும் போகிறது. இரண்டரை ரூபாய் வாப்பாவுக்கு.

"ரண்டரை ரூபாயோ?" கமக்காரர் நம்பாத மாதிரிச் சிரித்தார்.

"லொறி திரும்பாட்டில் ரண்டரை. ஈரம் கூடியிருக்கு எண்டு ஆலையில ஒரு லொறியைத் திருப்பி விட்டால், திரும்பி வாற வாடகை இன்னொரு ஐம்பதாயிரம். ரண்டு லொறியின்ர லாபம் அதோட சரி. அதுதான் நான் கடிச்சுப் பார்க்கிறதும் மானி வைச்சுப் பார்க்கிறதும். ஆலைக்காரர் காசை மூன்று கிழமை இழுத்தடிக்கிறதும் உண்டு. நான் உங்களுக்கு இண்டைக்கே எண்ணித் தாறன்."

"அப்ப நீங்களும் எங்கட சபைக் களஞ்சியத்துக்கே குடுக்கலாமே. பொலன்னறுவைக்கு ஏன் அலைவான்?"

"அது கமக்காரரிட்ட வாங்கத்தான் இருக்கு, வியாபாரியிட்ட வாங்க இல்லை."

இது எனக்குப் புதிய விடயம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நெல் சந்தைப்படுத்தும் சபையைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் இருக்கும் களஞ்சியத்தை விட்டுவிட்டு நெல் ஏன் மாகாணம் தாண்டிப் போகிறது என்று யோசித்ததில்லை. கமக்காரரிடம் போகாமலும் வியாபாரியிடம் நிற்காமலும் வீதியில் செலவாகும் காசு இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. முரசுமோட்டையில் ஒரு பொதுத் தளமும் உலர்த்தும் இயந்திரமும் இருந்தால், இருபத்திரண்டில் பெரும்பங்கு ஊரிலேயே தங்கிவிடும். அப்போது வாப்பாவின் வேலையும் பாதியாகக் குறைந்துவிடும். இரண்டும் உண்மை.

230 ரூபாய் அரிசியின் கதையையும் அங்கேயே பேசினார்கள். நெல்லைக் குற்றினால் நூறு கிலோவுக்கு ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோதான் அரிசி. மற்றவை உமியும் தவிடும். 122 ரூபாய் நெல்லை வாங்கும் ஆலைக்கு, குற்றும் செலவு சேர்க்காமலே ஒரு கிலோ அரிசிக்கு 188 ரூபாய் அடக்கம். 2024 டிசம்பரில் வர்த்தமானியில் வந்த உச்ச விலைப்படி நாட்டரிசி மொத்தமாக 225, சில்லறையாக 230. ஆகவே சில்லறைக் கடைக்கு ஐந்து ரூபாய். மிச்ச முப்பத்தேழு ரூபாயில் அவிப்பது, குற்றுவது, பொதி செய்வது, கொழும்புக்கு ஏற்றுவது, மொத்த வியாபாரியின் பங்கு, ஆலையின் இலாபம் எல்லாம் அடங்க வேண்டும். தவிடு விற்ற காசு அதற்கு மேலதிகம்.

"பெரிய ஆலைக்காரனுக்கு என்ன மாதிரி லாபம் வருது, தெரியுமோ?" என்று வாப்பா கேட்டு, அவரே பதிலும் சொன்னார். "அவனிட்டக் களஞ்சியம் இருக்கு. மாசியில எல்லாரும் விற்கேக்க வாங்கி வைப்பான். நெல்லு இல்லாத மாதத்தில அரிசி விடுவான். ஆறு மாதம் பூட்டி வைக்க எனக்கும் ஏலாது, உங்களுக்கும் ஏலாது."

கமக்காரர் தலையாட்டினார். ஆனால் அவர் மனத்தில் இருந்த உண்மையான கேள்வி இன்னும் வெளியில் வரவில்லை. கடைசியில் வந்தது.

"எல்லாம் சரி, நானா. பக்கத்து வயலுக்கு நூறு எண்டால் எனக்கு ஏன் தொண்ணூற்றெட்டு?"

வாப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். கொப்பியில் அது இருந்தது. ஐப்பசியில் உரத்துக்கும் மருந்துக்கும் எழுபத்தையாயிரம் ரூபாய் காசாகக் கொடுத்திருந்தார். கடன் வாங்கியவர் அறுவடையை அவருக்கே தர வேண்டும். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவு. இது எழுதப்படாத வழக்கம்.

"நீங்கள் வட்டி எடுக்கிறதில்லை எண்டு சொல்லுவியள். உங்கட மார்க்கத்தில கூடாது எண்டும் சொல்லுவியள். ஐயாயிரம் கிலோவுக்கு ரண்டு ரூபாய் எண்டால் பத்தாயிரம். எழுபத்தையாயிரத்துக்கு நாலு மாதத்தில பத்தாயிரம். அதுக்கு என்ன பேர், நானா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி கனமாக இருந்தது. நான் கொப்பியின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். நாலு மாதத்துக்கு நூற்றுக்குப் பதின்மூன்று. ஒரு வருடத்துக்கு நாற்பது. நகையை வங்கியில் அடைவு வைத்தால் இவ்வளவு போகாது.

வாப்பா முதலில் தன் நியாயத்தைச் சொன்னார். வெள்ளத்தில் முழு வயலும் போயிருந்தால் அந்தக் காசுக்கு அடுத்த போகம் வரை காத்திருந்திருப்பார். முன்னர் அப்படிக் காத்திருந்ததும் உண்டு. நகையில்லாதவருக்கு வங்கி கொடுக்காது. பத்திரமும் பிணையும் கேட்காமல், வயலைப் பார்த்தும் ஆளைப் பார்த்தும் கொடுப்பது அவர் மட்டும்தான்.

"அது தெரியும், நானா. அது பெரிய உதவி. பாதை பூட்டியிருந்த காலத்தையும் நான் பார்த்தவன். 90ஆம் ஆண்டு உங்கட வாப்பாவும் உங்கட சனமும் உடுத்த உடுப்போட போனாப் பிறகு, கனகாலம் இந்தப் பக்கம் நெல்லு வாங்க லொறி வரயில்லை. விளைஞ்ச நெல்லு முத்தத்தில கிடந்தது. சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தலைகீழா விலை. நெல்லுக்கு விலையே இல்லை. யாவாரி இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. யாவாரி வேணும். ஆனால் ரண்டு யாவாரி வரவேணும். கடன் வாங்கினவனுக்கு ரண்டாவது யாவாரி இல்லை. அதுதான் என்ர கதை."

நான் இதுவரை படித்த பொருளியலில் இவ்வளவு தெளிவான வசனத்தை வாசித்ததில்லை. வியாபாரி கேட்கும் விலை நியாயமா என்பதை அவருடைய முகத்தைப் பார்த்து அறிய முடியாது. கமக்காரருக்கு வேறு வழி இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் அறியலாம். ஈரத்தை மானியில் இருவரும் பார்க்கிறார்களா, தராசைக் கமக்காரர் தன் படிக்கல்லை வைத்துச் சரிபார்க்க முடியுமா, அன்றைய ஆலை விலை அவருக்குத் தெரியுமா, வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னொருவருக்கு விற்க முடியுமா? நான்குக்கும் "ஆம்" என்றால், வியாபாரி எடுப்பது அவர் செய்த வேலைக்கான கூலி. கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றால், அதற்குள் வேறொன்றும் கலந்திருக்கிறது.

எங்கள் மார்க்கமும் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறது. சந்தைக்குச் சரக்கு கொண்டு வருபவர்களை, அவர்கள் சந்தை விலையை அறியுமுன் வழியில் போய் மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். வாங்கி விற்பதைத் தடுக்கவில்லை. விலை தெரியாத நிலையைப் பயன்படுத்துவதையே தடுத்தார்கள். வயலுக்கே போய் வாங்கும் என் வாப்பாவுக்கு இது தெரியாத செய்தியல்ல. ஆலையின் விலையைக் கொப்பியில் விரித்துக் காட்டியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு ரூபாயை அவர் விரித்துக் காட்டவில்லை, கமக்காரர்தான் விரித்தார்.

நெடுநேரத்துக்குப் பிறகு வாப்பா சொன்னார்:

"அண்ணை, விலையும் கடனும் ஒரே வரியில கிடக்கிறதுதான் பிழை. இண்டைக்கு உங்கட நெல்லுக்கும் நூறு. அடுத்த போகம் நான் காசு தரமாட்டன். உரத்தை உரமாவே தாறன். தவணைக்கு இன்ன விலை எண்டு தாற அண்டே சொல்லுறன். அது கூடினால் வேண்டாம் எண்டு விடுங்கோ. எடுத்தால், அறுவடையில அந்தக் காசைத் தந்திட்டு நெல்லை ஆருக்கும் வில்லுங்கோ."

"நான் வேற ஆளுக்கு வித்தால் உங்களுக்கு நட்டம்தானே?"

"விலை சரியா இருந்தால் ஏன் வேற ஆளுக்கு விக்கப் போறியள்?"

பொருளைத் தவணைக்கு விற்று, விலையை முன்கூட்டியே முடிவுசெய்வது மார்க்கத்தில் ஆகுமானது. கொடுத்த கடனால் இலாபம் பெறுவது ஆகாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் அந்தக் கமக்காரருக்கு ஒன்றல்ல. முதலாவதில் அவர் கொடுக்கப்போகும் தொகை ஐப்பசியிலேயே தெரியும், நெல் அவர் கையில் இருக்கும். இரண்டாவதில் தொகை மாசி வரை தெரியாது, நெல்லும் அவர் கையில் இல்லை. விளைச்சல் கூடினால் அவர் செலுத்துவதும் கூடும்.

எனக்கு இன்னும் தீராத ஒரு சந்தேகம் உண்டு. தவணை விலையை வாப்பா எவ்வளவு கூட்டுவார்? இரண்டு ரூபாயில் போனதை உரத்தின் விலையில் மீட்டுவிட்டால் என்ன மாறியது? நான் கேட்டேன். "கூட்டிப் பார்த்தால் அவர் வேற இடத்தில வாங்குவார். இனி அவரால அது ஏலும்" என்றார். இந்தப் பதில் சரியா என்பதை அடுத்த காலபோகத்துக் கொப்பிதான் சொல்லும். அந்தப் பக்கத்தில் இப்போதே நடுவில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன். இடப்பக்கம் நெல்லின் விலை, வலப்பக்கம் உரத்தின் விலை.